என்பிவி, பேபேக் கேள்விகள்: எந்தத் திட்டத்தை டிக் செய்வது?

என்பிவி ஒரு திட்டத்தைக் காட்டுகிறது, பேபேக் இன்னொன்றைக் காட்டுகிறது. கொள்குறி வினாவின் நான்கு விடையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

என்பிவி என்பது வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்த மீதி; பேபேக் என்பது போட்ட முதலீடு திரும்பிவர ஆகும் காலம். கேள்வியின் கடைசி வரியில் எந்த அளவுகோல் எழுதியிருக்கிறதோ அதன்படி. "பேபேக் முறைப்படி எது சிறந்தது" என்று கேட்டிருந்தால், இன்னொரு திட்டத்தின் என்பிவி மலையளவு இருந்தாலும் பேபேக் குறைந்த திட்டம்தான் விடை. அளவுகோல் எதையும் சொல்லாமல் "நிறுவனம் எதை ஏற்க வேண்டும்" என்றோ "பங்குதாரர் செல்வத்தைப் பெருக்குவது எது" என்றோ கேட்டிருந்தால் என்பிவி அதிகமுள்ளது விடை. இரண்டும் முரண்படும்போது என்ன செய்வது என்று நேராகவே கேட்டாலும் என்பிவி பக்கம்தான் நிற்க வேண்டும்.

சிஏ இன்டர் தாள்களில் 2024 மே முதல் 30 சதவீத மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்குப் போய்விட்டது. அதனால் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியைத் தவறாகப் படித்தால் அந்த மதிப்பெண் முழுதாகப் போகும். விவரித்து எழுதும் தாளில் கிடைக்கிற படிநிலை மதிப்பெண் இங்கே கிடையாது.

ஒரே கணக்கை வைத்து இரண்டு முறையையும் போட்டுக் காட்டுங்களேன்.

சரி. இரண்டு திட்டங்களுக்கும் ஆரம்ப முதலீடு தலா ரூ. 1,00,000, ஆயுள் 4 ஆண்டு. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மூலதனச் செலவு, அதாவது பணத்தைத் திரட்ட ஆகும் செலவு, 10 சதவீதம். காரணி என்பது அந்த ஆண்டில் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு.

| ஆண்டு | அ-வின் வரவு | ஆ-வின் வரவு | 10% காரணி |
|---|---|---|---|
| 1 | 50,000 | 20,000 | 0.909 |
| 2 | 40,000 | 30,000 | 0.826 |
| 3 | 20,000 | 40,000 | 0.751 |
| 4 | 10,000 | 70,000 | 0.683 |

முதலில் பேபேக். அ திட்டத்தில் இரண்டு ஆண்டு முடிவில் 90,000 வந்துவிட்டது, பாக்கி 10,000. மூன்றாம் ஆண்டு வரவு 20,000 என்பதால் பாதி ஆண்டில் அது வந்துவிடும். ஆக 2.5 ஆண்டு. ஆ திட்டத்தில் மூன்று ஆண்டு முடிவில்தான் 90,000 சேர்கிறது. பாக்கி 10,000-ஐ நான்காம் ஆண்டின் 70,000-ஆல் வகுத்தால் 0.14. ஆக 3.14 ஆண்டு. பேபேக் அ-வைத்தான் காட்டுகிறது.

இப்போது என்பிவி. அ-வின் வரவுகளைக் காரணியால் பெருக்கினால் 45,450, 33,040, 15,020, 6,830; கூட்டினால் 1,00,340. முதலீட்டைக் கழித்தால் என்பிவி வெறும் ரூ. 340. ஆ-வுக்கு 18,180, 24,780, 30,040, 47,810, கூட்டினால் 1,20,810. என்பிவி ரூ. 20,810. ஆக என்பிவி ஆ-வைக் காட்டுகிறது, அதுவும் நூலிழையில் இல்லை.

இந்த இரண்டு வரிசை எண்களையே கீழே உள்ள பெரும்பாலான பதில்களிலும் பயன்படுத்தியிருக்கிறேன்.

சராசரி வரவால் முதலீட்டை வகுத்தால் பேபேக் வந்துவிடாதா? சுலபமாக இருக்கிறதே.

ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை வந்தால் மட்டும் வரும். மேலே உள்ள கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். அ-வின் சராசரி வரவு 30,000, வகுத்தால் 3.33 ஆண்டு. ஆ-வின் சராசரி 40,000, வகுத்தால் 2.5 ஆண்டு. விடை அப்படியே தலைகீழாகிவிட்டது. ஆ-வின் கடைசி ஆண்டு 70,000-ஐ முன்கூட்டியே எடுத்து எல்லா ஆண்டுக்கும் பரப்பிவிட்டதால் வந்த வினை இது. கேள்வி அமைப்பவருக்கு இது தெரியும். அதனால் "ஆ, 2.5 ஆண்டு" என்று ஒரு விடை உங்களுக்காகக் காத்திருக்கும்.

பேபேக்கில் பின்னம் போடுவதா, முழு ஆண்டாகச் சொல்வதா? 2.5-ம் இருக்கிறது, 3-ம் இருக்கிறது.

வரவு ஆண்டு முழுவதும் சீராக வருகிறது என்று கேள்வி சொன்னால், அல்லது எதுவுமே சொல்லாவிட்டால், பின்னம். வரவு ஆண்டின் இறுதியில்தான் கைக்கு வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, பேபேக்கையும் அதன்படியே கணக்கிடச் சொல்லியிருந்தால் அ-வுக்கு 3 ஆண்டு, ஆ-வுக்கு 4 ஆண்டு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. என்பிவி கணக்கில் எல்லா வரவும் ஆண்டிறுதியில் வருவதாகவே எடுத்துக்கொள்கிறோம். அதே தாளில் பேபேக்குக்கு வரும்போது ஆண்டு முழுவதும் சீராக வருவதாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டு அனுமானமும் ஒத்துப்போகாது. ஆனாலும் பாடநூல் வழக்கம் அப்படித்தான் நிலைத்துவிட்டது. விடைகளில் 2.5 மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டும் இருந்தால் கேள்வியில் "ஆண்டிறுதி" என்ற சொல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தள்ளுபடிக் காரணி பற்றிய வரியில் மட்டும் இருந்தால் பேபேக்குக்கு அதை இழுத்து வராதீர்கள்.

"டிஸ்கவுன்டட் பேபேக்" என்று கேட்டால் விடை மாறுமா?

மாறலாம். நம் கணக்கில் மாறுகிறது. நிகழ்கால மதிப்புக்குக் கொண்டுவந்த வரவுகளை வரிசையாகக் கூட்டுங்கள். அ திட்டம் மூன்றாம் ஆண்டு முடிவில் 93,510-ஐத்தான் எட்டுகிறது. பாக்கி 6,490-ஐ நான்காம் ஆண்டின் 6,830-ஆல் வகுத்தால் 0.95, ஆக 3.95 ஆண்டு. ஆ திட்டம் மூன்றாம் ஆண்டு முடிவில் 73,000. பாக்கி 27,000-ஐ 47,810-ஆல் வகுத்தால் 0.56, ஆக 3.56 ஆண்டு. சாதாரண பேபேக்கில் ஜெயித்த அ இதில் தோற்கிறது.

காரணம், அ-வின் கடைசி வரவுகள் சிறியவை. தள்ளுபடி செய்ததில் குறைந்துபோன தொகையை ஈடுகட்ட அதனிடம் கடைசியில் பெரிதாக எதுவும் வரவில்லை. இதிலிருந்து ஒரு பயன் உண்டு: முதலில் ஒரே ஒரு செலவு, பிறகு வரவுகள் மட்டும் என்ற வழக்கமான அமைப்பில், டிஸ்கவுன்டட் பேபேக் திட்டத்தின் ஆயுளுக்குள் முடிந்தால் என்பிவி சுழியத்துக்குக் கீழே போகவே போகாது. "கீழ்க்கண்டவற்றில் எது சரி" வகைக் கேள்விகளில் இந்த வாக்கியம் உருமாறி வரும். ஆனால் டிஸ்கவுன்டட் பேபேக் குறைவான திட்டத்துக்கே என்பிவியும் அதிகம் என்ற வாக்கியம் எப்போதும் உண்மையாகாது. முதலீடு மீண்ட பிறகு வருவதை இந்த முறையும் பார்ப்பதில்லை.

முரண்பட்டால் என்பிவிதான் என்கிறீர்கள். சீக்கிரம் பணம் திரும்புவது நல்லதில்லையா?

நல்லதுதான். என்பிவி அதை மறுக்கவில்லை. சீக்கிரம் வரும் ரூபாய்க்கு அது ஏற்கெனவே 0.909 கொடுத்து, தாமதமாக வரும் ரூபாய்க்கு 0.683 மட்டுமே கொடுத்துவிட்டது. சீக்கிரம் வந்ததற்கான சலுகை அந்தக் காரணியிலேயே அடங்கிவிட்டது. அவ்வளவு சலுகைக்குப் பிறகும் அ திட்டம் முதலீட்டுக்கு மேல் 340 ரூபாய்தான் கொடுக்கிறது. 10 சதவீதத்துக்குப் பணம் திரட்டி, அதைவிடச் சற்றே கூடுதலாகச் சம்பாதிக்கும் திட்டம் அது. அதன் ஐஆர்ஆர், அதாவது என்பிவியைச் சுழியமாக்கும் விகிதம், சுமார் 10.2 சதவீதம். ஆ-வுக்குச் சுமார் 17.6.

பேபேக் 2.5 ஆண்டோடு கண்ணை மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அ-வில் வர இருப்பது 20,000, ஆ-வில் 3.14 ஆண்டுக்குப் பிறகு வர இருப்பது 60,000. இந்த வித்தியாசம் அதன் கணக்கிலேயே ஏறாது. 2.5 ஆண்டுக்குள்ளும் 50,000 முதல் ஆண்டில் வந்ததா இரண்டாம் ஆண்டில் வந்ததா என்று அது பார்ப்பதில்லை.

கையில் ரொக்கத் தட்டுப்பாடு, தொழில்நுட்பம் சீக்கிரம் பழசாகிவிடும் என்ற பயம், அரசியல் நிலையில்லாத இடத்தில் முதலீடு என்று கேள்வியின் கதை சொல்லி, "இந்தச் சூழலில் நிர்வாகம் எந்த முறையை விரும்பும்" என்று கேட்டால் விடை பேபேக். அதிலும் கேட்பது "நிர்வாகம் எதை விரும்பும்" என்பதுதான், "எது மதிப்பைக் கூட்டும்" என்பதில்லை.

இரண்டுக்கும் என்பிவி பாசிட்டிவ். "இரண்டையும் ஏற்கலாம்" என்று ஒரு விடை இருக்கிறது. அது சரியா?

திட்டங்கள் ஒன்றையொன்று விலக்குபவையா, தனித்தனியானவையா என்பதைப் பொறுத்தது. ஒரே நிலத்தில் ஆலையும் கட்டலாம், கிடங்கும் கட்டலாம் என்றால் ஒன்றுதான் முடியும். அப்போது ஆ மட்டும். தனித்தனித் திட்டங்கள், பணத்துக்கும் குறைவில்லை என்றால் அ-வின் 340 ரூபாயைக்கூட விடக் கூடாது, இரண்டையும் ஏற்பதுதான் சரி.

இந்த ஒரு தகவலைக் கேள்வியில் சொல்லாமல் விடுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அப்படி வந்தால் விடைகளின் அமைப்பைப் பாருங்கள். "இரண்டும்", "எதுவுமில்லை" என்று இரண்டு விடைகளும் இருந்தால் ஒவ்வொரு திட்டத்தையும் தனியாகச் சோதிக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். "இரண்டில் எதை" என்று வினா எழுதியிருந்தால் ஒன்றுதான்.

தள்ளுபடி விகிதத்தை மாற்றியும் இதே கேள்வியைத் திருப்புவார்கள். 12 சதவீதத்தில் அ-வின் என்பிவி சுமார் −2,870, ஆ-வுக்கு சுமார் 14,770. இப்போது தனித்தனித் திட்டங்களாக இருந்தாலும் ஆ மட்டுமே. 20 சதவீதத்தில் இரண்டுமே நெகட்டிவ், அ −14,190, ஆ −5,620. இங்கே பலர் "குறைந்த நஷ்டம்" என்று ஆ-வை டிக் செய்கிறார்கள். எதையும் ஏற்காமல் விட்டால் என்பிவி சுழியம், அது −5,620-ஐவிடப் பெரியது. ஆகவே "எதுவுமில்லை". சட்டப்படி கட்டாயம் செய்தே தீர வேண்டிய செலவு என்று கேள்வி சொல்லியிருந்தால் மட்டும் குறைந்த நெகட்டிவ்வை எடுக்கலாம்.

தவறான விடைகள் எப்படி உருவாகின்றன? எனக்கு வந்த எண் விடைகளில் இருந்தாலே சரி என்று நினைத்துவிடுகிறேன்.

அந்த நினைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆ திட்டத்தின் என்பிவி கேட்டு 20,810, 32,880, 60,000, 1,20,810 என்று நான்கு எண்கள் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வழி இருக்கிறது. தள்ளுபடியே செய்யாமல் 1,60,000-லிருந்து முதலீட்டைக் கழித்தால் 60,000. தள்ளுபடி செய்து, முதலீட்டைக் கழிக்க மறந்தால் 1,20,810. முதல் ஆண்டு வரவுக்குக் காரணி 1 என்று தொடங்கி எல்லாவற்றையும் ஓர் ஆண்டு முன்னே தள்ளிவிட்டால் 32,880. மூன்றுமே "சரியாகப் போட்டது போன்ற" எண்கள்.

சோதிக்க ஒரு வழி: என்பிவி எப்போதும் தள்ளுபடி செய்யாத உபரியைவிட (இங்கே 60,000) கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். ஆ-வைப் போலக் கடைசியில் கனமாக வரும் திட்டத்தில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும்.

கேள்வியில் பண வரவைக் கொடுக்காமல் வரிக்குப் பிந்தைய லாபத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே போடலாமா?

கூடாது. தேய்மானத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். அது லாபத்தைக் குறைத்துக் காட்டும் பதிவுதான், அந்த ஆண்டில் பணமாக வெளியே போவதில்லை.

ரூ. 1,00,000 இயந்திரம், 5 ஆண்டு ஆயுள், எஞ்சிய மதிப்பு இல்லை, நேர்கோட்டுத் தேய்மானம், வரிக்குப் பிந்தைய லாபம் ஆண்டுக்கு 10,000 என்று வைப்போம். தேய்மானம் 20,000. பண வரவு 30,000. பேபேக் 3.33 ஆண்டு. 10 சதவீதத்தில் ஐந்தாண்டு ஆண்டுத்தொகைக் காரணி, அதாவது ஐந்து ஆண்டுக் காரணிகளின் கூட்டுத்தொகை, 3.791, பெருக்கினால் 1,13,730, என்பிவி 13,730. ஏற்கலாம்.

லாபத்தையே வரவாக எடுத்தால் பேபேக் 10 ஆண்டு என்று வரும். ஐந்தாண்டில் தேய்ந்துபோகும் இயந்திரம் பத்தாண்டில் முதலீட்டைத் திருப்பித் தருவதாகக் கணக்கு சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். தேய்மானத்தைக் கூட்ட மறந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கடனுக்கான வட்டியைக் கழிக்க வேண்டுமா என்ற சந்தேகமும் கூடவே வரும். கழிக்கக் கூடாது, மூலதனச் செலவான 10 சதவீதத்துக்குள்ளேயே அது இருக்கிறது.

முழுக் கணக்கும் போடாமல் எது சிறந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

சில சமயம் உண்டு. முதலீடும் சமம், ஆயுளும் சமம் என்றால் இரண்டு திட்டங்களின் திரண்ட வரவை ஆண்டுவாரியாகப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு திட்டம் எந்த ஆண்டிலும் மற்றதைவிடப் பின்தங்காமல், ஓர் ஆண்டிலாவது முந்தியிருந்தால், எந்த நேர்மறை விகிதத்திலும் அதன் என்பிவிதான் அதிகம். காரணியைத் தொடவே வேண்டாம். நம் கணக்கில் அ: 50,000, 90,000, 1,10,000, 1,20,000. ஆ: 20,000, 50,000, 90,000, 1,60,000. மூன்று ஆண்டு அ முன்னால், நான்காம் ஆண்டில் ஆ முந்துகிறது. இப்படிக் குறுக்கே வெட்டினால் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

ஆண்டுதோறும் ஒரே வரவு என்றால் இன்னும் சுலபம். பேபேக் ஆண்டுகளை அந்த விகிதத்தின் ஆண்டுத்தொகைக் காரணியோடு ஒப்பிடுங்கள். மேலே இயந்திரத்துக்கு பேபேக் 3.33, காரணி 3.791. பேபேக் சிறியது, ஆகவே என்பிவி பாசிட்டிவ். பேபேக் பெரியதாக இருந்தால் நெகட்டிவ்.

கால்குலேட்டரில் எனக்கு 369 வருகிறது, விடையில் 340 இருக்கிறது. எங்கே தவறு?

எங்கும் தவறில்லை. மூன்று இலக்கக் காரணிகளால் பெருக்கினால் 340. காரணியைச் சுருக்காமல் வகுத்தால் 369. அட்டவணைக் காரணிகளைக் கேள்வியிலேயே கொடுத்திருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள், கொடுக்கவில்லை என்றால் மிக அருகில் உள்ள விடையை எடுங்கள்.

அட்டவணை இல்லாமல் போட, கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வருவது வேகமான வழி. கடைசி வரவை 1.1-ஆல் வகுத்து, முந்தைய ஆண்டு வரவைக் கூட்டி, மறுபடி வகுத்துக்கொண்டே வாருங்கள்:

```
10000 ÷ 1.1 = 9090.91
+ 20000, ÷ 1.1 = 26446.28
+ 40000, ÷ 1.1 = 60405.71
+ 50000, ÷ 1.1 = 100368.83
− 100000 = 368.83
```

வீட்டில் எக்செல்லில் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதன் `NPV` சார்பு முதல் எண்ணையும் ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் ஆரம்ப முதலீட்டை உள்ளே போடாமல் வெளியே சேர்க்க வேண்டும்:

```
=NPV(10%,B2:B5)+B1
```

B1-இல் −100000 இருக்க வேண்டும். உள்ளே போட்டுவிட்டால் 369-க்குப் பதில் 335 வரும்.

முதலீட்டுத் தொகை வேறு வேறாக இருந்தால்?

பணத்துக்கு வரம்பு இல்லை என்றால் அப்போதும் என்பிவிதான். வரம்பு இருந்தால் கதை மாறும். கையில் ரூ. 2,00,000. ப திட்டத்துக்கு முழு 2,00,000 தேவை, என்பிவி 40,000. ம திட்டத்துக்கு 1,20,000, என்பிவி 30,000. ந திட்டத்துக்கு 80,000, என்பிவி 18,000. தனித்தனியாகப் பார்த்தால் ப-தான் பெரியது. ஆனால் ம-வும் ந-வும் சேர்ந்து அதே 2,00,000-இல் 48,000 தருகின்றன. "மூலதனப் பங்கீடு" என்ற சொல்லோ பட்ஜெட் தொகையோ கேள்வியில் இருந்தால் தனித் திட்டத்தை டிக் செய்யும் முன் கூட்டணிகளைப் போட்டுப் பாருங்கள்.

ஆயுள் ஒன்றுக்கு 3 ஆண்டு, இன்னொன்றுக்கு 5 ஆண்டு. என்பிவியை நேராக ஒப்பிடலாமா?

ஆயுள் முடிந்ததும் அதே திட்டத்தை மறுபடி செய்ய முடியும் என்று கேள்வி சொன்னால் நேராக ஒப்பிடக் கூடாது. என்பிவியை ஆண்டுத்தொகைக் காரணியால் வகுத்து ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 3 ஆண்டுத் திட்டம் 30,000, 5 ஆண்டுத் திட்டம் 40,000, விகிதம் 10 சதவீதம் என்றால், 30,000-ஐ 2.487-ஆல் வகுக்க 12,063. 40,000-ஐ 3.791-ஆல் வகுக்க 10,551. மூன்றாண்டுத் திட்டம்தான் விடை. மறுபடி செய்ய முடியாத, ஒரே முறை வாய்ப்பு என்றால் 40,000 உள்ளதையே எடுங்கள்.

நிறுவனத்தின் பேபேக் வரம்பு 3 ஆண்டு என்று கேள்வி சொல்கிறது. ஆ-வுக்கு 3.14 ஆண்டு, ஆனால் என்பிவி 20,810. என்ன செய்வது?

"நிறுவனத்தின் கொள்கைப்படி எதை ஏற்கும்" என்றால் அ. ஆ வரம்பைத் தாண்டிவிட்டது. "அந்தக் கொள்கையால் நிறுவனம் இழக்கும் மதிப்பு எவ்வளவு" என்று அடுத்த கேள்வி வரலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் 20,810-லிருந்து 340-ஐக் கழித்து 20,470. தனித்தனித் திட்டங்கள் என்றால் அ எப்படியும் ஏற்கப்பட்டுவிட்டது, ஆ மட்டும் கைவிட்டுப் போகிறது. அப்போது விடை 20,810.